சொன்னவர் யார்? பழைய ஜனன மரண ரிஜிஸ்தரை அட்டவணையாக்குவது பற்றி

பழைய ஜனன மரண ரிஜிஸ்தரைக் கணினியில் ஏற்றத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விட்டுவிடுவது ஒரே கட்டத்தைத்தான். தகவல் கொடுத்தவர் பெயர். தேதி வேண்டும், அப்பா அம்மா பெயர் வேண்டும், ஆணா பெண்ணா என்பது வேண்டும். தகவல் சொன்னவர் எதற்கு என்று நினைக்கிறார்கள். பக்கத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதப்பட்டிருப்பதால் புகைப்படத்தில் பாதி வெட்டுப்பட்டும் போயிருக்கும். எங்கள் ஊர் ரிஜிஸ்தர்களின் நகல்களை நான் சில காலமாக அட்டவணையாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு பதிவில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் எவ்வளவு நம்பலாம் என்று எனக்குக் காட்டியது அந்த ஓரக் கட்டம்தான். அதனால் இந்தக் கட்டுரையில் அதைச் சுற்றியே பேசுகிறேன்.

நான் வைத்திருப்பவை 1930களிலிருந்து 1950கள் வரையிலான கிராமப் பதிவுகள். அப்போது 1899ஆம் ஆண்டின் மதராஸ் மாகாண ஜனன மரணப் பதிவுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. கிராமத்தில் பதிவு செய்யும் பொறுப்பு கிராம முன்சீபுக்கு; எங்கள் பக்கத்தில் மணியக்காரர் என்போம். வரி வசூலிப்பவரும் அவர்தான், பிறப்பு இறப்பு எழுதுகிறவரும் அவர்தான். 1969இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. 1980இல் தமிழக அரசு பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்த பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். மணியக்காரர் காலத்து ரிஜிஸ்தரில் அச்சடித்த கட்டங்கள் உண்டு. ஆனால் கட்டத்துக்குள் என்ன எழுதுவது என்பது எழுதுகிறவரின் பழக்கத்தைப் பொறுத்தது. ஒருவர் இங்கிலீஷ் தேதி போடுவார், இன்னொருவர் தமிழ் மாதம் போடுவார். சிலர் ஒரே பக்கத்தில் இரண்டையும் கலந்து எழுதியிருக்கிறார்கள்.

அட்டவணையின் அமைப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முக்கியமான ஒவ்வொரு விஷயத்துக்கும் இரண்டு கட்டம் வைத்திருக்கிறேன். ஒன்றில் தாளில் உள்ளபடி, எழுத்துப்பிழையோடு. அடுத்ததில் நான் புரிந்துகொண்டது. தேதி என்றால், "உள்ளபடி" கட்டத்தில் அவர் எழுதியது, பக்கத்தில் `1942-01-18` என்ற வடிவில் நான் மாற்றியது. இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால், பின்னால் வரும் ஒருவருக்கு எது மணியக்காரர் எழுதியது, எது நான் ஊகித்தது என்று தெரியவே தெரியாது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. பதிவில் பிழை இருந்தால் பதிவாளர் மூலப் பதிவில் கை வைக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுதி, கையொப்பமும் தேதியும் போட வேண்டும். பதிவாளருக்கே அந்தக் கட்டுப்பாடு இருக்கும்போது படியெடுக்கிற நமக்கு அதைவிடக் குறைவாக இருக்க முடியாது. பிற்காலத்தில் ஓரத்தில் சேர்த்த குழந்தையின் பெயரைக்கூட நான் முதன்மைக் கட்டத்தில் போடுவதில்லை. "ஓரக்குறிப்பு" என்று தனிக் கட்டம், அதன் தேதியோடு.

இனி ஒரு பதிவை எடுத்து முழுக்கப் பார்க்கலாம். பெயர்களை மாற்றியிருக்கிறேன், மற்றவை உள்ளபடி.

1942 என்று அட்டையில் எழுதிய மரண ரிஜிஸ்தரில் ஒரு வரி:

```
விஷு ௵ தை ௴ ௫ ௳ ஞாயிறு | கருப்பண்ணன் பெண்சாதி
செல்லாயி, பெண் குழந்தை | வயது ௰௨ நாள் | காய்ச்சல்
சொன்னது: வெட்டியான் | பதிவு 19-1-42
```

௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ நாள். இந்தக் குறிகளைப் பழகிக்கொள்வது கஷ்டமில்லை. தமிழ் எண்களில்தான் கவனம் வேண்டும். ௧ என்பது க போலவும், ௨ உ போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும் இருக்கும். அவசரமாக எழுதிய கையெழுத்தில் எண்ணையும் எழுத்தையும் பிரிக்கச் சுற்றியுள்ள சொற்கள்தான் உதவும். அதைவிட ஆபத்தானது பத்துக்கான ௰. பழைய முறையில் ௰௨ என்றால் பன்னிரண்டு, ௨௰ என்றால் இருபது. முதலாவதில் பத்தோடு இரண்டைக் கூட்டுகிறோம், இரண்டாவதில் இரண்டு பத்து. இடம் மாறினால் எட்டு நாள் வித்தியாசம். பன்னிரண்டு நாள் குழந்தை இருபது நாள் குழந்தையாகிவிடும். இந்தப் பதிவில் ௰ முன்னால் தெளிவாக இருக்கிறது, ஆகவே பன்னிரண்டு நாள்.

அப்புறம் வருஷம். விஷு வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1881, 1941, 2001. அட்டையில் 1942 என்று இருப்பதால் 1941இல் தொடங்கிய விஷுதான். ஆனால் பெயர்ப் பட்டியலைப் பார்த்து "விஷு = 1941" என்று கட்டத்தில் போட்டுவிடக் கூடாது. தமிழ் வருஷம் சித்திரையில், அதாவது ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. தை மாதம் வரும்போது இங்கிலீஷ் ஆண்டு மாறியிருக்கும். மார்கழியின் பின்பாதி, தை, மாசி, பங்குனி எல்லாவற்றுக்கும் ஒன்று கூட்ட வேண்டும். ஒரு வருஷம் பிசகிய பதிவுகள் எங்கள் அட்டவணையின் முதல் வடிவில் ஜனவரி முதல் ஏப்ரல் பாதி வரைதான் குவிந்திருந்தன. அந்தக் குவியலைப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடும்.

அந்த ஆண்டு தை முதல் நாள் ஜனவரி 14. அப்படியானால் தை 5 என்பது ஜனவரி 18. மணியக்காரர் ஞாயிறு என்று கிழமையும் எழுதியிருக்கிறார். 1942 ஜனவரி 18 ஞாயிற்றுக்கிழமைதான். கிழமை எழுதியிருந்தால் அது பெரிய உதவி, ஏனென்றால் தமிழ் மாதப் பிறப்பு பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் முன்பின் ஆகலாம். கிழமை பொருந்தவில்லை என்றால் நான் தேதியைத் திருத்துவதில்லை. மாற்றிய தேதியைப் போட்டு, "கிழமை பொருந்தவில்லை" என்று குறிப்பில் எழுதுகிறேன்.

இந்தத் தேதியை எக்செல்லில் தட்டும்போது இன்னொரு சிக்கல். இரண்டு இலக்க ஆண்டை அது தானாகவே விரிக்கும். பல கணினிகளின் வழக்கமான அமைப்பில் 30 முதல் 99 வரை இருந்தால் 1900கள், 29 வரை இருந்தால் 2000கள். `12/5/30` என்று தட்டினால் 1930 ஆகிறது, `12/5/29` என்று தட்டினால் 2029. எங்கள் ரிஜிஸ்தர் 1930களில் தொடங்குவதால் தப்பித்தோம். 1920களின் பதிவு வைத்திருப்பவர்கள் நிச்சயம் மாட்டுவார்கள். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் நாளும் மாதமும் இடம் மாறிவிடும். நாள் 12க்கு மேல் போனால் அது பிழையென்று கண்ணில் படும். அதற்குக் கீழே இருந்தால் சத்தமில்லாமல் தப்பான தேதி உட்கார்ந்துகொள்ளும். 1900க்கு முந்தைய தேதியை எக்செல் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது. அதனால் தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் உரை என்று அமைத்துவிட்டு, ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் எழுதுங்கள். உரையாக இருந்தாலும் அந்த வரிசையில் அகரவரிசைப்படுத்தினால் காலவரிசையாகவே வரும். நாள் தெரியாவிட்டால் `1942-01` என்று நிறுத்திக்கொள்ளலாம். தெரியாத நாளுக்கு 1 என்று போடுவது பொய்ப் பதிவு.

சரி, தேதி முடிந்தது. இந்தக் குழந்தை பன்னிரண்டு நாளில் இறந்தது என்றால் ஜனவரி 6 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். ஜனன ரிஜிஸ்தரைத் திருப்பினேன். இருந்தது. பிறந்த தேதி 6-1-42, தந்தை கருப்பண்ணன், தாய் செல்லாயி, பெண். இரண்டு ரிஜிஸ்தரும் நாள் பிசகாமல் பொருந்துகின்றன. இப்படிப் பொருந்தும் இணைகளைத் தேடி "சரிபார்க்கப்பட்டது" என்று குறிக்கும் வழக்கம் எங்கள் வேலையில் இருந்தது. தகவலாளர் கட்டம் இல்லாத அட்டவணையில் இந்த இணையும் அப்படித்தான் தேறியிருக்கும்.

ஆனால் ஜனனப் பதிவின் மற்ற கட்டங்களைப் பாருங்கள். பதிவு செய்த தேதி 19-1-42. மரணம் பதிவான அதே நாள். சொன்னது: வெட்டியான். அதே ஆள். ஜனனப் பதிவின் வரிசை எண்ணும் ஜனவரி 15இல் பிறந்த ஒரு குழந்தையின் பதிவுக்குப் பின்னால் வருகிறது. இவற்றைச் சேர்த்து வைத்தால் நடந்தது ஓரளவு தெளிவாகிறது. குழந்தை பிறந்தபோது யாரும் மணியக்காரரிடம் போய்ச் சொல்லவில்லை. இறந்த மறுநாள், புதைத்த விவரத்தை வெட்டியான் வந்து சொல்லியிருக்கிறார். மணியக்காரர் "எத்தனை நாள் குழந்தை?" என்று கேட்டிருப்பார், "பன்னண்டு நாளுங்க" என்று பதில் வந்திருக்கும். ஜனனம் பதிவாகவில்லையே என்று அப்போதுதான் கவனித்து, இறந்த நாளிலிருந்து பன்னிரண்டைக் கழித்து ஜனனத்தையும் எழுதியிருக்கிறார்.

அந்தப் பேச்சு என் ஊகம்தான். ஆனால் ஒரே நாள், ஒரே ஆள், வரிசை தவறிய எண் மூன்றும் தாளில் இருப்பவை. இரண்டு ரிஜிஸ்தரும் பொருந்துவதற்குக் காரணம் ஒன்றிலிருந்து மற்றது கணக்கிடப்பட்டது என்பதுதான். இரண்டு சாட்சி இருப்பதுபோலத் தோன்றுகிறது, இருப்பது ஒரே வாய்ச்சொல். பன்னிரண்டு என்பதே தோராயமாகச் சொன்னதாக இருந்தால் பிறந்த தேதியும் தோராயம்தான். இந்த இணைக்கு நான் "சரிபார்க்கப்பட்டது" என்று போடவில்லை. "ஒரே தகவலாளர், ஒரே நாள், பிறந்த தேதி கழித்துக் கணக்கிட்டதாக இருக்கலாம்" என்று குறிப்பு எழுதினேன். இப்போது எந்த இணையைப் பார்த்தாலும் முதலில் பதிவு தேதிகளையும் சொன்னவர்களையும்தான் ஒப்பிடுகிறேன்.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற கிராம அலுவலர் ஒருவர் இருக்கிறார். இந்தப் பதிவைக் காட்டினேன். கண்ணாடியை உயர்த்திவிட்டு நிதானமாகப் படித்தார். "தம்பி, பதிவு தேதி மட்டும் பார்த்தாப் போதாது. மையைப் பாரு. சிலபேர் துண்டுச் சீட்டுல குறிச்சு வச்சுக்கிட்டு, மாசக் கடைசியில ஒரே உட்கார்வுல ரிஜிஸ்தர்ல ஏத்திருவாங்க. அப்போ பதிவு தேதியே நம்புற மாதிரி இருக்காது" என்றார். அவர் சொன்ன பிறகு படங்களை மறுபடி பார்த்தேன். சில மாதங்களில் பத்துப் பன்னிரண்டு பதிவுகள் ஒரே மை, ஒரே பேனா அழுத்தம், எழுத்துச் சாய்வு கொஞ்சமும் மாறவில்லை. பதிவு தேதிகள் மட்டும் மாதம் முழுக்கப் பரவியிருக்கின்றன. அப்படிப்பட்ட பக்கத்துக்கு "தொகுப்பாக எழுதியது போல" என்று ஒரு அடையாளம் இட்டேன். கறுப்பு வெள்ளை நகலில் இது தெரியாது. படம் எடுப்பவர்கள் தயவுசெய்து வண்ணத்தில் எடுங்கள்.

தகவலாளர் கட்டத்தை நிரப்புவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மேலே உள்ள பதிவில் சொன்னவருக்குப் பெயரே இல்லை. வேலைப் பெயர்தான் இருக்கிறது. பல பக்கங்களில் அப்படித்தான்: வெட்டியான், தலையாரி, மருத்துவச்சி. ஊரின் பிறப்பிலும் சாவிலும் முதலில் கூடவே நின்றவர்கள் இவர்கள், அவர்களின் பெயரை எழுத யாருக்கும் தோன்றவில்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. அட்டவணையில் பெயர்க் கட்டத்தில் வேலைப் பெயரைப் போட்டுவிட்டால் அந்த இல்லாமையும் மறைந்துவிடும். ஆகவே மூன்று கட்டங்கள் வைத்தேன். தகவலாளர் பெயர், தகவலாளர் யார், ஒப்பம். பெயர் எழுதப்படவில்லை என்றால் "பதிவில் இல்லை" என்று போடுகிறேன், வெறுமையாக விடுவதில்லை. வெறுமையாக இருந்தால் தட்டுகிறவர் விட்டுவிட்டாரா, தாளிலேயே இல்லையா என்று தெரியாது. ஒப்பத்தில் கையெழுத்தா, கைநாட்டா, ஒன்றுமில்லையா என்பது. படிக்க முடியாதது என்றால் "படிக்க முடியவில்லை" என்ற மூன்றாவது சொல்.

பெற்றோர் கட்டத்தின் பல புதிர்களும் சொன்னவரைப் பார்த்தால்தான் அவிழ்கின்றன. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது வழக்கம். குழந்தை அங்கே பிறந்தால் பதிவும் அந்த ஊர் ரிஜிஸ்தரில்தான் இருக்கும். தந்தையின் ஊரில் தேடுகிறவர்கள் கிடைக்கவில்லை என்று திரும்பிவிடுவார்கள். எங்கள் ஊர்ப் பக்கங்களிலும் இந்த ஊர்க்காரர் அல்லாத தகப்பன்மார் நிறைய வருகிறார்கள். அப்படிப்பட்ட பதிவுகளில் சொன்னவர் பெரும்பாலும் தாயின் அப்பா அல்லது அண்ணன். அவருக்கு மாப்பிள்ளையின் கூப்பிடுபெயர்தான் வாயில் வரும். "சின்னத்தம்பி" என்று தந்தை பெயர் இருந்து, சொன்னவர் தாய்வழியினர் என்றால், அந்தப் பெயரை அவருடைய முழுப்பெயராக எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன். தந்தையே வந்து சொல்லியிருந்தால் அந்தத் தயக்கம் குறைவு.

உறவையும் உள்ளபடியே எழுதுங்கள். "மாமன்" என்று பதிவில் இருந்தால் அவர் குழந்தைக்கு மாமனா, தந்தைக்கு மாமனாரா என்பது பெரும்பாலும் தெரியாது. நான் "தாய்மாமன்" என்று மாற்றி எழுதிய நிமிஷமே ஒரு குடும்பத்தின் உறவுக்கோட்டை நானாக வரைந்தவனாகிறேன்.

இங்கேயே மேற்படி பற்றியும் சொல்ல வேண்டும். ௸ என்றோ "ஷை" என்றோ எழுதி, மேலே உள்ளதையே குறிப்பார்கள். ஊர்ப் பெயர், தந்தை பெயர், சொன்னவர், எல்லாவற்றுக்கும் இது வரும். தாளில் வரிசை மாறாது, அதனால் குழப்பமில்லை. அட்டவணையைத் தேதிவாரியாகவோ பெயர்வாரியாகவோ ஒருமுறை அடுக்கினால் போதும், "மேற்படி" யாருடைய மேற்படி என்பது காணாமல் போய்விடும். அடுக்குவதற்கு முன்பே எல்லா மேற்படியையும் விரித்தாக வேண்டும், விரித்ததைப் பகர அடைப்பில் காட்ட வேண்டும்: [வெட்டியான்]. பக்கத்தின் முதல் வரியிலேயே மேற்படி வந்தால் முந்தைய பக்கத்தின் கடைசி வரியைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு தாள் கிழிந்து போயிருந்தால் அந்த மேற்படியை விரிக்க வழியில்லை. அதை அப்படியே விட்டுவிடுகிறேன். ரிஜிஸ்தர் பக்க எண், வரிசை எண் இரண்டையும் ஒவ்வொரு வரியிலும் வைத்திருப்பது இதற்காகத்தான். எந்த வரிசையில் அடுக்கினாலும் தாளின் வரிசைக்குத் திரும்பிவிடலாம்.

இறந்தவர்களின் வயது, காரணம் இரண்டும் சொன்னவரோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. முதியவர்களின் வயது 50, 60, 70 என்று முழு எண்ணிலேயே குவிகிறது. பிறந்த தேதி தெரியாத ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சொன்ன வயது அது. அதைக் கழித்துப் பிறந்த ஆண்டைக் கண்டுபிடித்து வம்சாவளியில் எழுதுகிறவர்களிடம், பத்து வருஷம் முன்பின் வைத்துக்கொள்ளச் சொல்வேன். காரணக் கட்டத்தில் பாதிக்கு மேல் காய்ச்சல்தான். மருத்துவர் பார்க்காத சாவுகளுக்கு உடம்பு சுட்டதா என்பது ஒன்றுதான் சொன்னவருக்குத் தெரிந்தது. மாகாணம் முழுக்க அந்தக் காலக் கணக்குகளில் காய்ச்சல் இவ்வளவு பெரிதாக நிற்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். பேதியும் அம்மையும் ஓரளவு நம்பகமானவை, ஏனென்றால் அவை ஊரே அடையாளம் காணும் நோய்கள். நான் காய்ச்சலை மலேரியா என்றோ டைஃபாய்டு என்றோ ஒருபோதும் மாற்றுவதில்லை.

தட்டி முடித்த பக்கங்களை என் அண்ணன் மகள் தனியாக, நான் தட்டியதைப் பார்க்காமல், மறுபடி தட்டுகிறாள். இரண்டு கோப்பையும் கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிடுகிறோம். வேறுபாடு வருகிற இடம் பெரும்பாலும் தமிழ் எண்களும், மேற்படியும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னா வடிவங்களும்தான். பழைய கொம்பு வைத்த "லை" அவளுக்குப் பழக்கமில்லை. எனக்கோ பார்த்த உடனே பழகிய பெயராகப் படித்துவிடும் கெட்ட வழக்கம் உண்டு; அவள் எழுத்தெழுத்தாகப் படிப்பதால் அது பிடிபடுகிறது. இருவரும் ஒத்துப்போகாத கட்டத்தில் இரண்டு வாசிப்பையும் சாய்கோடிட்டு வைக்கிறோம்.

அட்டவணையைக் கேட்டு ஊர்க்காரர்கள் வருகிறார்கள். இது சான்றிதழ் ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் பதிவாளரிடம்தான் வாங்க வேண்டும், எங்கள் அட்டவணை பக்க எண்ணும் வரிசை எண்ணும் கொடுத்து அவர்கள் தேடுவதைச் சுலபமாக்கும். கொடுக்கிற பிரதியில் இரண்டு நெடுவரிசைகள் இருக்காது. ஒன்று சாதி. இன்னொன்று மரணக் காரணம். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி பதிவாளர் தரும் மரணப் பதிவின் நகலிலேயே காரணத்தைக் காட்டக் கூடாது. அதனால் அந்த இரண்டும் மூலக் கோப்பில் மட்டும் இருக்கின்றன. தகவலாளரின் மூன்று கட்டங்களை மட்டும் யார் கேட்டாலும் சேர்த்தே கொடுக்கிறேன், "அது வேண்டாம்" என்று சொன்னாலும்.